அனுப்புவது ஒரு மெயில், பதில் வருவது இன்னொரு பெட்டிக்கு: ஜிமெயிலில் பெயரையும் ரிப்ளை-டு முகவரியையும் மாற்றும் முறை

திருப்பூர்ப் பக்கம் சின்ன தையல் யூனிட் நடத்துகிற பலருக்கும் மெயில் ஐடி ஒரே மாதிரித்தான் பிறந்திருக்கும். என்றைக்கோ பையன் காலேஜில் சேரும்போது திறந்த ஜிமெயில். அதிலிருந்துதான் முதல் கொட்டேஷன் போனது, அதைத்தான் சரக்கு வாங்குகிற பையரும் குறித்து வைத்துக்கொண்டார். இப்போது பையன் சென்னையில் வேலையில் இருக்கிறான். யூனிட்டில் கணக்கு பார்க்கும் அம்மணி வேறொரு மெயில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பையர் ஆபீஸிலிருந்து போன் வருகிறது: சாம்பிள் கமெண்ட்ஸ் அனுப்பி நாலு நாள் ஆச்சே, என்ன பதிலே இல்லை? "ஏனுங்க, இங்க ஒண்ணுமே வரலீங்களே" என்பார் அந்த அம்மணி. அவர் சொல்வது உண்மைதான். பதில் பையனுடைய போனில், படிக்காத மெயில்களுக்கு நடுவே கிடக்கிறது.

பையருக்குத் தெரிந்த பழைய ஐடியை விட வேண்டியதில்லை. இரண்டே விஷயங்களை மாற்றினால் போதும். ஒன்று, மெயில் வந்ததும் பையர் திரையில் தெரிகிற பெயர். இன்னொன்று, அவர் ரிப்ளை அழுத்தும்போது 'டு' கட்டத்தில் வந்து உட்காருகிற முகவரி.

உள்ளே என்ன நடக்கிறது

ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் `From` என்று ஒரு வரி உண்டு. அதில் பெயரும் முகவரியும் சேர்ந்தே இருக்கும். பெயர் நாம் எழுதிக்கொள்வது, முகவரி மெயில் கணக்கோடு கட்டப்பட்டது. அதற்குக் கீழே `Reply-To` என்று இன்னொரு வரியைச் சேர்க்கலாம். அந்த வரி இல்லையென்றால் பதில் `From` முகவரிக்கே போகும். இருந்தால், ரிப்ளை அழுத்தியதும் அந்த முகவரிதான் எடுத்துக்கொள்ளப்படும். ஒன்றை நினைவில் வையுங்கள்: பதில் இரண்டு இடத்துக்கும் போகாது. ரிப்ளை-டு கொடுத்துவிட்டால் பழைய பெட்டிக்கு அந்தப் பதில் வரவே வராது.

மாற்றும் இடம்

கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக ஜிமெயிலைத் திறங்கள். போனில் இருக்கிற ஜிமெயில் ஆப்பில் இந்த அமைப்பு கிடையாது. அதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எந்த ஐடியிலிருந்து மெயில் போகிறதோ அந்தக் கணக்கில்தான் நுழைய வேண்டும். நம் கதையில் அது பையன் திறந்த பழைய கணக்கு. கணக்கு பார்க்கும் அம்மணியின் பெட்டியில் நுழைந்து மாற்றினால் ஒரு பயனும் இல்லை.

வலது மேல் மூலையில் பற்சக்கரம் போல ஒரு குறி இருக்கும். அதை அழுத்தினால் பக்கத்தில் ஒரு பட்டை விரியும். அதில் மேலே இருக்கிற `See all settings` என்பதை அழுத்துங்கள். அடுத்த பக்கத்தில் வரிசையாகத் தாவல்கள் தெரியும். `Accounts and Import` என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்பெனி டொமைனில் கட்டணம் கட்டி வாங்கிய கணக்கென்றால் அது வெறும் `Accounts` என்றிருக்கும். அந்த மாதிரிக் கணக்குகளில் பெயரை மாற்ற முடியாதபடி அட்மின் பூட்டி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. அப்போது அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தாவலில் `Send mail as:` என்ற பகுதியில் உங்கள் பெயரும் ஐடியும் இருக்கும். அதே வரியில் வலப்பக்கம் `edit info`. அதை அழுத்தினால் சின்ன ஜன்னல் ஒன்று தனியாகத் திறக்கும். இப்போதைய பெயர் ஒரு வட்டப் பொத்தானுக்கு எதிரிலும், காலிக் கட்டம் இன்னொன்றுக்கு எதிரிலும் இருக்கும். காலிக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் புதிய பெயரை அடியுங்கள்.

அப்புறம் அதே ஜன்னலில் `Specify a different "reply-to" address` என்று ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால்தான் `Reply-to address` கட்டம் கண்ணில் படும். அங்கே பதில் வர வேண்டிய முகவரியை அடித்து `Save Changes` கொடுங்கள். வேலை அவ்வளவுதான்.

பெயரை எப்படி வைப்பது

போனில் இன்பாக்ஸ் பட்டியலில் பெயரின் முதல் சில எழுத்துகள்தான் தெரியும். அதனால் யூனிட் பெயர் முன்னால், பிரிவு பின்னால் வருவதே நல்லது. `Accounts` என்று தொடங்கினால், பையருக்கு மெயில் அனுப்புகிற எல்லாக் கம்பெனியின் கணக்குப் பிரிவோடும் உங்கள் மெயிலும் கலந்துவிடும். தமிழிலும் பெயர் வைக்கலாம், கோளாறு இல்லாமல் போய்ச் சேரும். ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கோ கரூர் நூல்காரருக்கோ மட்டும் அனுப்புவதென்றால் தமிழில் வையுங்கள் என்றே சொல்வேன். வெளிநாட்டுப் பையர் இருந்தால் ஆங்கில எழுத்தில் வைப்பதுதான் சரி. பெயர்க் கட்டத்துக்குள் மெயில் முகவரியை மட்டும் அடிக்காதீர்கள். ஏமாற்று மெயில் அனுப்புகிறவர்கள் செய்கிற வேலை அது.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிச் சோதிக்கலாம் என்று தோன்றும். அதை நம்ப முடியாது. நீங்களே அனுப்பிய மெயிலுக்கு நீங்களே ரிப்ளை கொடுத்தால், அதை யாருக்கு அனுப்பியிருந்தீர்களோ அவர்களையே ஜிமெயில் 'டு' கட்டத்தில் போடும். வேறொருவருடைய பெட்டிக்கு அனுப்பிப் பாருங்கள். அவருடைய கான்டாக்டில் உங்கள் ஐடி சேமித்திருக்கக் கூடாது. சேமித்திருந்தால் அவர் வைத்த பெயர்தான் அவர் திரையில் தெரியும். நீங்கள் மாற்றிய பெயர் போகவில்லை என்று தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

அவரிடம் ரிப்ளை அழுத்தச் சொல்லி, 'டு' கட்டத்தில் எந்த முகவரி இருக்கிறது என்று கேளுங்கள். அதோடு விடாமல் அந்தப் பதிலை அனுப்பவும் சொல்லுங்கள். யூனிட்டில் அந்த அம்மணியின் இன்பாக்ஸில் அது வந்து விழுந்தால்தான் சோதனை முடிந்தது.

நம் பக்கத்திலேயே பார்க்கவும் வழி இருக்கிறது. `Sent` பெட்டியில் அந்த மெயிலைத் திறந்து, வலப்பக்க மூன்று புள்ளியை அழுத்தி, `Show original` கொடுங்கள். நிறைய வரிகள் வரும். அவற்றில் கிட்டத்தட்ட இப்படி இருக்க வேண்டும்:

```
From: Our Knits - Office <old.id@example.com>
Reply-To: accounts.id@example.com
To: buyer@example.com
```

`Reply-To` வரி இல்லையென்றால் சேமிப்பு ஆகவில்லை, அல்லது அந்த மெயில் மாற்றத்துக்கு முன்னால் போனது.

எங்கே கோளாறு வரும்

அடிக்கிற முகவரியில் ஓர் எழுத்துப் பிசகினால் ஜிமெயில் சொல்லாது. ரிப்ளை-டு முகவரிக்கு அது சரிபார்ப்பு மெயில் எதுவும் அனுப்புவதில்லை. நீங்கள் அடித்ததை அப்படியே எடுத்துக்கொள்ளும். தப்பான முகவரி உலகத்தில் இல்லை என்றால், பதில் போட்ட பையருக்குத்தான் மெயில் திரும்பி வரும், உங்களுக்குத் தெரியாது. அந்த முகவரி வேறு யாருடையதோ என்றால் பையருக்கும் தெரியாது. உங்கள் விலைப் பட்டியலை முன்பின் தெரியாத ஒருவர் படித்துக்கொண்டிருப்பார். அதனால் அந்த முகவரியைக் கையால் அடிப்பதைவிட, அந்தப் பெட்டியிலிருந்து வந்த மெயிலில் இருந்து நகலெடுத்து ஒட்டுவது நல்லது.

ஏற்கெனவே அனுப்பிய மெயில்களில் எதுவும் மாறாது. போன மாதக் கொட்டேஷனைப் பையர் தேடி எடுத்து இன்றைக்கு ரிப்ளை போட்டால் அது பழைய பெட்டிக்கே வரும். பையர் புதிதாக மெயில் எழுதத் தொடங்கி, பெயரின் முதல் எழுத்தை அடித்ததும் தானாக வருகிற ஐடியை எடுத்தாலும் அப்படித்தான். ரிப்ளை-டு என்பது ரிப்ளை அழுத்தும்போது மட்டுமே வேலை செய்யும். எனவே பழைய கணக்கில் `Forwarding and POP/IMAP` தாவலுக்குப் போய் `Add a forwarding address` வழியாக, வருகிற மெயில்கள் கணக்குப் பெட்டிக்கும் போகும்படி வைத்துவிடுங்கள். இதற்கு ஜிமெயில் அந்தப் பெட்டிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மெயில் அனுப்பும். அதில் இருக்கிற இணைப்பையோ குறியீட்டையோ வைத்து ஒப்புதல் கொடுத்து, அதே தாவலுக்குத் திரும்பி ஃபார்வர்டை இயக்கிச் சேமித்தால்தான் வேலை தொடங்கும். பையனுடைய சொந்த மெயிலும் சேர்ந்து போகுமே என்றால், பையர் முகவரிகளுக்கு மட்டும் ஒரு ஃபில்டர் போட்டு அதிலிருந்து ஃபார்வர்டு செய்யலாம்.

மெயில் போய்ச் சேரவில்லை என்கிற அறிவிப்பும் ரிப்ளை-டு முகவரிக்கு வராது. அது ரிப்ளை-டு வரியைப் பார்ப்பதில்லை. அனுப்பிய கணக்குக்கே திரும்பும். பையர் லீவில் இருக்கிறார் என்கிற தானியங்கிப் பதிலும் பெரும்பாலும் அங்கேதான் போகும். ஃபில்டர் மட்டும் போட்டிருந்தால், வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது பழைய பெட்டியை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அனுப்பியவர் ஒரு முகவரி, பதில் போவது சம்பந்தமில்லாத இன்னொரு முகவரி என்பது மோசடிக்காரர்களின் பழைய வழி. பையர் மெயிலைப் போலவே அனுப்பி, 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று சொல்லி, பதிலைத் தங்கள் பெட்டிக்கு வாங்குவார்கள். அதனால் ஏற்றுமதி வியாபாரத்தில் இருக்கிற கணக்குப் பிரிவுகள் ரிப்ளை-டு மாறியிருந்தாலே சந்தேகப்படும். அவர்கள் சந்தேகப்படுவதுதான் நமக்கும் நல்லது. மாற்றுவதற்கு முன்னால் பையரின் மெர்ச்சண்டைசருக்குப் போன் போட்டு, "இனிமேல் நீங்க எங்களுக்குப் போடற பதிலெல்லாம் இந்த ஐடிக்கு வருமுங்க" என்று முகவரியைச் சொல்லிவிடுங்கள். மாற்றிய கையோடு அனுப்புகிற முதல் மெயிலில் பேங்க் விவரம் எதையும் வைக்காதீர்கள்.

கணக்குப் பெட்டியிலிருந்து அந்த அம்மணி பதில் எழுதும்போது, அது அந்தப் பெட்டியின் ஐடியிலிருந்துதான் போகும். அங்கே அவருடைய சொந்தப் பெயர் இருந்தால் பையர் மறுபடியும் குழம்புவார். அந்தக் கணக்கிலும் இதே `edit info` வழியாக யூனிட் பெயரை வைத்துவிடுங்கள். அங்கே ரிப்ளை-டு தேவையில்லை.

தண்டர்பேர்டில் மெயில் பார்ப்பவர்கள் ஜிமெயிலில் செய்ததோடு நிறுத்த முடியாது. அதன் `Account Settings` பக்கத்தில் `Your Name`, `Reply-to Address` என்று இரண்டு கட்டங்கள் தனியாக இருக்கின்றன. அங்கேயும் நிரப்ப வேண்டும். டேலியிலிருந்து நேராக இன்வாய்ஸை மெயில் செய்கிற யூனிட்டிலும் இதே கதைதான். அனுப்புநர் பெயரும் முகவரியும் டேலியின் மெயில் அமைப்பில் தனியாகக் கொடுக்கப்பட்டவை. ஜிமெயிலில் பெயரை மாற்றிய பிறகும் இன்வாய்ஸ் மட்டும் பையன் பெயரில் போய்க்கொண்டிருந்தால், முதலில் அங்கே பாருங்கள்.