இரண்டு மெடிக்கல் கார்டுகளை ஒப்பிடுவது எப்படி? ஒரு ஆஸ்பத்திரி பில்லை வைத்துக் கணக்குப் போடுங்கள்

கையில் இரண்டு கொட்டேஷன் இருந்தால் கண் முதலில் மாதக் கட்டணத்துக்குத்தான் போகும். ஒன்று 210 வெள்ளி, இன்னொன்று 230 வெள்ளி. மாதம் 20 வெள்ளி மிச்சம் என்று முதல் கார்டுக்கே பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் காப்புறுதியின் உண்மையான விலை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும் நாளில்தான் தெரியும். அந்த நாளின் கணக்கை இன்றைக்கே போட்டுப் பார்க்க முடியும். இந்தப் பதிவு அதற்குத்தான்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் 38 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் கொட்டேஷனில் உள்ள எண்களை அதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கார்டு: மாதம் 210 வெள்ளி. அறை வாடகை வரம்பு நாளுக்கு 150. ஆண்டு வரம்பு 100,000. கோ-பேமண்ட், அதாவது பில்லில் நாம் கட்டும் பங்கு, இல்லை.

இரண்டாவது கார்டு: மாதம் 230 வெள்ளி. அறை வாடகை வரம்பு 250. ஆண்டு வரம்பு பத்து லட்சம். பில்லில் 10 விழுக்காட்டை நாம் கட்ட வேண்டும், ஆனால் ஆண்டுக்கு 3,000 வெள்ளிக்கு மேல் போகாது.

மேலோட்டமாகப் பார்த்தால் முதல் கார்டுதான் நல்லது. கட்டணமும் குறைவு, கைக்காசும் போடத் தேவையில்லை.

படி 1: அறை வாடகையை விசாரியுங்கள்

நீங்கள் உண்மையிலேயே போகக்கூடிய ஆஸ்பத்திரி எது? பினாங்குத் தீவிலோ பிறையிலோ இரண்டு பெயரை எழுதிக்கொண்டு, அட்மிஷன் கவுண்டருக்குப் போன் போட்டு, நான்கு பேர் அறை, இரண்டு பேர் அறை, தனி அறை ஆகிய மூன்றுக்கும் நாள் வாடகை கேளுங்கள். ஏஜென்டு சொல்லும் விலை சில வருடம் பழையதாக இருக்கலாம், அதனால் நேரடியாகக் கேட்பதுதான் சரி.

அடுத்து பாலிசியில் அறை வரம்பு பற்றிய பகுதியைத் தேடுங்கள். உங்கள் வரம்பைவிட விலை கூடிய அறையில் தங்கினால் என்ன ஆகும் என்று அங்கே எழுதியிருக்கும். சில பாலிசிகளில் வாடகை வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும். வேறு சிலவற்றில், வித்தியாசத்தோடு மற்ற செலவுகளிலும் 20 விழுக்காட்டை நாமே ஏற்க வேண்டும் என்று இருக்கும். மற்ற செலவு என்றால் அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, ஸ்கேன், மருந்து எல்லாமே சேர்த்தி. பெரிய தொகை நழுவுவது இந்த ஒரு வரியில்தான். நம் முதல் கார்டில் இந்த விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 2: ஒரு பில்லை இரண்டிலும் ஓட்டுங்கள்

பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை. நான்கு இரவு. வரம்புக்குள் வரும் அறை காலியில்லாததால் நாளுக்கு 240 வெள்ளி அறை எடுத்தார். அறைக்கு 960, மற்ற செலவு 17,000. மொத்தம் 17,960 வெள்ளி.

முதல் கார்டு அறைக்குத் தருவது 600. மீதி 360 அவர் கையிலிருந்து. மற்ற செலவில் 20 விழுக்காடு 3,400. ஆக, அவர் கட்டுவது 3,760 வெள்ளி.

இரண்டாவது கார்டில் அறை வரம்புக்குள் இருக்கிறது. மொத்தத்தில் 10 விழுக்காடு, அதாவது 1,796 வெள்ளி. வேறு எதுவும் இல்லை.

கோ-பேமண்ட் இல்லாத கார்டில் இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கிறது. அவரே 150 வெள்ளிக்குள் ஓர் அறை கிடைத்துத் தங்கியிருந்தால் முதல் கார்டில் ஒரு காசும் போகாது. ஆகவே கேள்வி இதுதான்: நீங்கள் விசாரித்த ஆஸ்பத்திரியில் 150க்குள் அறை இருக்கிறதா, இருந்தால் அது எளிதில் கிடைக்குமா? அறை காலியில்லை என்று ஆஸ்பத்திரியே மேல் அறையில் போட்டால் அந்த 20 விழுக்காடு விலக்கப்படுமா என்பதை காப்புறுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சு இங்கே செல்லாது.

இப்போது 120,000 வெள்ளி பில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அறை வரம்புக்குள் இருந்தாலும் முதல் கார்டு 100,000த்தில் நின்றுவிடும், 20,000 நம் தலையில். இரண்டாவதில் 10 விழுக்காடு 12,000 வரும், ஆனால் உச்சவரம்பு இருப்பதால் 3,000தான். அந்த உச்சவரம்பு இல்லாத கோ-பேமண்ட் கார்டாக இருந்தால் நான் தயங்குவேன். விழுக்காட்டைப் பார்த்துவிட்டு உச்சவரம்பைப் பார்க்காமல் விடாதீர்கள்.

2024 செப்டம்பர் முதல், கோ-பேமண்ட் உள்ள திட்டம் ஒன்றையாவது நிறுவனங்கள் தர வேண்டும் என்பது பேங்க் நெகாரா விதி. குறைந்தது 5 விழுக்காடு, அல்லது முதல் 500 வெள்ளி நம்முடையது என்ற டிடக்டிபள் முறை. அவசர சிகிச்சைக்கும் அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கும் இது பொருந்தாது. எல்லாரும் இதற்கு மாறித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், தேர்வு நம்முடையதுதான்.

படி 3: காத்திருப்புக் காலத்தைக் காலண்டரில் குறியுங்கள்

இங்குள்ள கார்டுகளில் வழக்கமாக இரண்டு காலம் இருக்கும். சாதாரண நோய்களுக்கு 30 நாள். குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள்: ரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய், கட்டிகள், சிறுநீரக, பித்தப்பைக் கற்கள், குடலிறக்கம், மூலம், முதுகுத்தண்டு, முழங்கால் பிரச்சினை போன்றவை. விபத்துக்குக் காத்திருப்பு இல்லை.

புதிய பாலிசி மார்ச் 1 தொடங்கினால் 120 நாள் ஜூன் 28இல் முடியும். நம் உதாரணப் பெண்ணுக்கு மே மாதம் வயிற்று வலி வந்து கல் தெரிந்தால் அந்தச் செலவு கிடைக்காது. ஜூலை வரை தள்ளிப்போட்டாலும் சரியாகாது. வலி எப்போது ஆரம்பித்தது என்று மருத்துவர் எழுதும் அறிக்கையைத்தான் நிறுவனம் பார்க்கும்.

பழைய கார்டு வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கார்டு மாற்றினால் பொதுவாகக் காத்திருப்பு மறுபடியும் முதலிலிருந்து ஓடும். பழையது இருந்த காலத்தில் வந்த நோய், புதியதற்கு ஏற்கெனவே இருந்த நோயாகிவிடும். 120 நாள் காத்திருந்தாலும் அதற்குச் செலவு கிடைக்காது. ஸ்கேனில் சின்னக் கல் என்று ஒருமுறை சொல்லியிருந்தால்கூட விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் மொத்தமும் போகும்.

படி 4: அப்புறம்தான் கட்டணம்

இரண்டுக்கும் வருட வித்தியாசம் 240 வெள்ளி. இது இன்றைய வயதுக்கான கணக்கு மட்டுமே. திட்ட விவரத் தாளில் வயது வாரியான கட்டண அட்டவணை இருக்கும். அதில் 48 வயது வரியையும் 58 வயது வரியையும் பாருங்கள். அந்தத் தொகையும் உறுதியானதல்ல, மருத்துவச் செலவு ஏறினால் நிறுவனம் அதையும் உயர்த்தலாம். முதலீட்டோடு சேர்ந்த பாலிசியாக இருந்தால் மாதக் கட்டணம் நிலையாக இருப்பதுபோல் தோன்றும். உள்ளே காப்புறுதிச் செலவு வயதோடு ஏறி, நிதியிலிருந்து கழியும். அதனால் தனிக் கார்டின் கட்டணத்தை இதன் காப்புறுதிச் செலவு அட்டவணையோடு வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

படி 5: கையெழுத்துக்குப் பிறகு

பாலிசி கைக்கு வந்ததும் 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் திருப்பிக் கொடுத்தால், மருத்துவப் பரிசோதனைச் செலவு ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு பணத்தைத் தந்துவிடுவார்கள். அந்த நாட்களில் அறை விதி, உச்சவரம்பு, 120 நாள் நோய்ப் பட்டியல் மூன்றும் கொட்டேஷனில் சொன்னபடி இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய கார்டு இருந்தால் புதியதன் 120 நாள் தாண்டும்வரை அதற்கும் கட்டிக்கொண்டே வாருங்கள், மார்ச் 1 உதாரணத்தில் ரத்துக் கடிதத்தை ஜூலையில் கொடுத்தால் போதும்.