அடிக்கடி தாமதமாக வருபவருக்கு மேலாளர் எழுதும் செய்தி: படிப்படியாக

சிங்கப்பூரில் செக்யூரிட்டி வேலை பெரும்பாலும் 12 மணி நேர ஷிஃப்ட். காலை 7 மணிக்கு வர வேண்டியவர் 7:20க்கு வந்தால், இரவு முழுக்க விழித்திருந்தவர் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஒருவரை ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதுதான் இங்குள்ள வேலைச் சட்டத்தின் பொதுவான வரம்பு. அதனால் இருபது நிமிடத் தாமதம் என்றாலும் மேலாளர் பேசாமல் இருக்க முடியாது.

செங்காங்கில் ஒரு கொண்டோவில் பகல் காவலர் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தாண்டியவர். மேலாளர் அவரைவிட இளையவர், ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை நேரில் சொல்லியாயிற்று, தாமதம் நிற்கவில்லை. இனி எழுத வேண்டும்.

1. பதிவை எடுங்கள்

வருகைப் பதிவிலிருந்து தேதியையும் வந்த நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். செப்டம்பர் 7 (ஞாயிறு) 7:20, 11 (வியாழன்) 7:12, 14 (ஞாயிறு) 7:25, 21 (ஞாயிறு) 7:20, 24 (புதன்) 7:15. கூட்டினால் 92 நிமிடம்.

2. கிழமையைப் பாருங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஐந்தில் மூன்று ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் எம்ஆர்டி ரயில் வார நாட்களைவிடத் தாமதமாகவே கிளம்பும். தூரத்திலிருந்து வருபவருக்கு 7 மணிக்குள் வந்து சேர வழியே இல்லாமல் இருக்கலாம். ஆனால் வியாழனுக்கும் புதனுக்கும் ரயில் காரணமாகாது. காரணத்தை நீங்களாக முடிவு செய்யாமல் அவரிடமே கேளுங்கள்.

3. எழுதுங்கள்

குழு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அவருக்கு மட்டும் அனுப்புங்கள். அவர் தாமதமாக வந்த காலையில், கோபம் ஆறுமுன் எழுதவும் வேண்டாம். மறுநாள் மதியம் எழுதலாம்.

> செல்வம் அண்ணே, வணக்கம். வேலை நேரம் பற்றி எழுதுகிறேன். இந்த மாதம் 7, 11, 14, 21, 24 ஆகிய ஐந்து நாட்கள் 7 மணிக்குப் பிறகு வந்திருக்கிறீர்கள். முன்பும் நேரில் பேசினோம். அந்த ஐந்து நாளும் இரவுக் காவலர் உங்களுக்காகக் காத்திருந்தார், மொத்தம் 92 நிமிடம். இது தொடரக் கூடாது. நாளை முதல் 6:50க்குள் போஸ்ட்டில் இருந்து, 7 மணிக்குப் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாள் ஞாயிறாக இருப்பதைக் கவனித்தேன். ரயில் கிடைக்கவில்லையா, வீட்டில் ஏதும் சிரமமா? சொன்னால் ஷிஃப்ட்டை மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன். நாளை மதியம் 3 மணிக்குக் காவல் அறைக்கு வருகிறேன், பேசுவோம். அக்டோபர் 24 அன்று பதிவை மறுபடி பார்ப்பேன். அதற்குள் சரியாகாவிட்டால் அடுத்தது எழுத்துப்பூர்வ எச்சரிக்கைக் கடிதம்.

இந்தச் செய்தியில் கண்டிப்பைத் தருவது தேதியும் எண்ணும்தான். அன்பு அந்தக் கேள்வியிலும் நேரில் வருவதிலும் இருக்கிறது. ‘அண்ணே’ என்று தொடங்கியதால் ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று முடித்துவிடாதீர்கள். அவருக்கு அது வேண்டுகோளாகத்தான் கேட்கும். உங்களைவிட இளையவருக்கு எழுதினாலும் ‘நீங்கள்’தான், ‘நீ’ வேண்டாம்.

4. அனுப்புமுன் வெட்டுங்கள்

‘எப்போதும்’, ‘பொறுப்பில்லாமல்’, ‘எல்லோரும் குறை சொல்கிறார்கள்’ என்பவற்றை எடுத்துவிடுங்கள். சரியான நேரத்துக்கு வந்த நாட்களைக் காட்டி ‘எப்போதும்’ என்பதை அவர் உடைத்துவிடுவார், பேச்சு அதோடு திசை மாறும். ‘ஒவ்வொரு தாமதத்துக்கும் 5 வெள்ளி பிடிப்போம்’ என்றும் எழுதாதீர்கள். வேலைக்கு வராத நேரத்துக்கு உரிய சம்பளத்தைக் கழிக்கலாம், அதற்கு மேல் நினைத்தபடி அபராதம் போட முடியாது. ‘வேலை போய்விடும்’ என்ற மிரட்டலும் கூடாது. தவறான நடத்தைக்காக ஒருவரை நீக்குவதென்றால் முதலில் விசாரணை நடத்த வேண்டும்.

5. பேசிய பிறகு

ஞாயிறு ரயில்தான் காரணம் என்றால், அருகில் குடியிருப்பவரோடு ஞாயிறு ஷிஃப்ட்டை மாற்றிக் கொடுங்கள். அவர் நேர மாற்றத்தை முறையாக எழுதிக் கேட்டால், 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு வழிகாட்டிகளின்படி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். தகுதிகாண் காலம் முடிந்தவர்களுக்கு இது பொருந்தும். மற்ற இரண்டு நாட்களுக்குச் சரியான காரணம் இல்லையென்றால் அதையும் விடாமல் கேளுங்கள்.

பேசி முடிவானதை அன்றைக்கே அதே வாட்ஸ்அப் உரையாடலில் இரண்டு வரியில் எழுதி, ‘சரி’ என்று அவரிடம் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எச்சரிக்கைக் கடிதம் வரை போக நேர்ந்தால், அந்தத் தேதிகளும் அவருடைய ‘சரி’யும்தான் கடிதத்தின் முதல் பத்தி.