ரோட்மேப் கூட்டக் குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒத்திவைப்பின் காரணத்தை எழுதுவது எப்படி?

பிராடக்ட் மேனேஜர் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்கள் எழுதும் முன்னுரிமைக் கூட்டக் குறிப்புகளை அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்கும் வேலை என்னிடம் வருகிறது. எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை ஆள் மாறியும் அப்படியே பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். தேதி விட்டுப்போவது, வந்தவர் பட்டியலில் ஒரு பெயர் குறைவது போன்றவற்றை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. எழுதிய அன்று சரியாகவே தோன்றி, இரண்டு காலாண்டுகள் கழிந்த பிறகு விலை கேட்கும் தவறுகளே என் கவலை.

பேச்சை அப்படியே எழுதுவது

யார் என்ன சொன்னார் என்பது தேவையில்லை. எது முடிவானது, எதற்குப் பதிலாக, ஏன் என்பது மட்டும் போதும்.

“ஆள் போதவில்லை” என்று காரணம் எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒத்திவைக்கப்பட்ட வசதிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் எதிரே “இந்தக் காலாண்டில் ஆள் போதாமையால் ஒத்திவைக்கப்பட்டது” என்ற ஒரே வரி இருக்கும். ஆள் போதுமான அளவு இருக்கும் காலாண்டு எந்தக் குழுவுக்கும் வருவதில்லை. எல்லா வசதிக்கும் பொருந்தும் ஒரு காரணம், இந்தக் குறிப்பிட்ட வசதி ஏன் தோற்றது என்பதைச் சொல்வதே இல்லை. அந்த வரியை எழுதியவர் பொய் சொல்லவில்லை. கூட்டம் ஒரு மணி நேரம் விவாதித்து எட்டிய உண்மையான காரணத்தை எழுதாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனங்களுக்கு விற்கப்படும் ஒரு பில்லிங் மென்பொருள் அது. அடுத்த காலாண்டில் புதிய வசதிகளுக்கென்று ஆறு ஆள்-மாதங்கள், அதாவது ஒருவர் ஆறு மாதம் செய்யக்கூடிய அளவு உழைப்பு, மட்டுமே மிஞ்சியிருந்தன. மூன்று வசதிகள் போட்டியில் இருந்தன. முதலாவது, கோப்பிலிருந்து நூற்றுக்கணக்கான பில்களை ஒரே நேரத்தில் ஏற்றும் மொத்தப் பதிவேற்றம். இரண்டாவது, குறித்த நாளில் ரிப்போர்ட்டைத் தானாக மின்னஞ்சலில் அனுப்புவது. மூன்றாவது, ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கணக்கைக் கொண்டே மென்பொருளுக்குள் நுழைய வழிசெய்யும் எஸ்எஸ்ஓ.

குழு ரைஸ் முறையில் மதிப்பெண் போட்டது. ஒரு காலாண்டில் எத்தனை வாடிக்கையாளரைத் தொடும் என்பதை, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பயனின் அளவாலும் நம் கணிப்பின் மீதான நம்பிக்கையாலும் பெருக்கி, ஆகும் உழைப்பால் வகுப்பதே அந்த முறை. மொத்தப் பதிவேற்றம் 800 வாடிக்கையாளரைத் தொடும், பயன் 1, நம்பிக்கை 80 சதவீதம், உழைப்பு 4 ஆள்-மாதம் என்று வைத்ததில் 160 வந்தது. தானியங்கி ரிப்போர்ட்டுக்கு 500, 1, 80 சதவீதம், 2 ஆள்-மாதம் என்ற கணக்கில் 200. எஸ்எஸ்ஓவுக்கு 60 பெரிய வாடிக்கையாளர்கள், பயன் 3, நம்பிக்கை 50 சதவீதம், உழைப்பு 3 ஆள்-மாதம் என்பதால் 30 மட்டுமே கிடைத்தது. முதல் இரண்டும் சேர்ந்து ஆறு ஆள்-மாதங்களையும் எடுத்துக்கொண்டன. எஸ்எஸ்ஓ வெளியே நின்றது. குறிப்பில் எழுதப்பட்டது: “எஸ்எஸ்ஓ, ஆள் போதாமையால் ஒத்திவைப்பு.”

ஆனால் அந்த அறையில் பேசப்பட்டது வேறு. மதிப்பெண் குறைவு என்ற ஒன்றுக்காக மட்டும் எஸ்எஸ்ஓவை யாரும் கைவிட ஒப்புக்கொள்ளவில்லை, ஏனென்றால் ரைஸ் கணக்கு வாடிக்கையாளர்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறதே தவிர, அந்த 60 பேர் தரும் வருமானத்தைப் பார்ப்பதில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். விவாதத்தை முடித்துவைத்தது டெவலப்பர்களின் தலைவர் சொன்ன ஒரு செய்தி. உள்நுழைவுப் பகுதி முழுவதையும் அதற்கடுத்த காலாண்டில் புதிதாக எழுதத் திட்டம் இருந்தது. இப்போது பழைய பகுதியின் மேல் எஸ்எஸ்ஓவைக் கட்டினால் மூன்று மாதங்களில் அதை இடித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். புதிய பகுதியின் மேல் கட்டினால் ஒன்றரை ஆள்-மாதமே ஆகும். அதைக் கேட்டதும் விற்பனைப் பிரிவின் மேலாளர், “அப்படியானால் காத்திருக்கிறோம், ஆனால் புதிய பகுதி வந்ததும் இதுதான் முதலில்” என்று ஒப்புக்கொண்டார். இந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்றுகூடக் குறிப்பில் இடம்பெறவில்லை.

அடுத்த காலாண்டில் வேறொரு அவசரத்தால் உள்நுழைவுப் பகுதியைப் புதிதாக எழுதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த முடிவை எடுத்த கூட்டத்தில், எஸ்எஸ்ஓவின் ஒத்திவைப்பு அந்தத் திட்டத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது என்பதை அறிந்தவர் எவரும் இல்லை. முந்தைய கூட்டத்தில் பேசிய இருவரில் ஒருவர் வேறு குழுவுக்குப் போயிருந்தார், மற்றவர் அன்று விடுப்பில் இருந்தார். எஸ்எஸ்ஓவின் எதிரே பழைய வரியே நகலெடுக்கப்பட்டது. காரணம் செத்துப்போன பிறகும் ஒத்திவைப்பு மட்டும் உயிரோடு இருந்தது. இறுதியில் ஒப்பந்தப் புதுப்பிப்புக்கு வந்த ஒரு பெரிய வாடிக்கையாளர் எஸ்எஸ்ஓ இல்லாமல் கையெழுத்திட மாட்டோம் என்று சொன்னபோது, பழைய உள்நுழைவுப் பகுதியின் மேலேயே, முதலில் கணித்த மூன்று ஆள்-மாதங்களுக்கும் அதிகமான செலவில், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதைக் கட்ட வேண்டியிருந்தது. அதைவிட வருத்தம் தந்தது, “இதை ஏன் இவ்வளவு நாள் செய்யவில்லை?” என்று கேட்கப்பட்டபோது குழுவில் யாராலும் பதில் சொல்ல முடியாமல் போனதுதான். பதில் இருந்தது, நியாயமான பதிலாகவும் இருந்தது, எழுதப்படவில்லை.

அந்தப் பதிவு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கேட்டால், நான் இப்படி எழுதச் சொல்வேன்:

“எஸ்எஸ்ஓ ஒத்திவைக்கப்படுகிறது. ஆறு ஆள்-மாதங்களுக்குள் தானியங்கி ரிப்போர்ட்டோடு மொத்தப் பதிவேற்றத்தையோ எஸ்எஸ்ஓவையோதான் எடுக்க முடியும். மொத்தப் பதிவேற்றம் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதன்மைக் காரணம்: உள்நுழைவுப் பகுதி அடுத்த காலாண்டில் புதிதாக எழுதப்படவிருப்பதால் இப்போது செய்யும் வேலை வீணாகும் (இப்போது 3 ஆள்-மாதம், பின்னர் 1.5). துணைக் காரணம்: தேவை உறுதி என்பதற்கு விற்பனைப் பிரிவின் கூற்று மட்டுமே உள்ளது, ஆகவே நம்பிக்கை 50 சதவீதம். இதனால் ஏற்கும் இழப்பு: எஸ்எஸ்ஓ கேட்கும் பெரிய வாடிக்கையாளர்களுக்கு இந்தக் காலாண்டில் தேதி தர முடியாது. மறுபரிசீலனை: உள்நுழைவுப் பகுதியின் மாற்றம் முடிந்தாலோ கைவிடப்பட்டாலோ தள்ளிப்போனாலோ, அல்லது எஸ்எஸ்ஓவை எழுத்தில் நிபந்தனையாக வைக்கும் ஒப்பந்தம் ஒன்று வந்தாலோ. கவனிக்க வேண்டியவர்: டெவலப்பர்களின் தலைவர், ஒப்பந்த நிபந்தனைக்கு விற்பனை மேலாளர்.”

இது நீளம் என்று புதியவர்கள் முறையிடுவார்கள். எல்லா வசதிக்கும் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. கூட்டத்தில் உண்மையாகவே சண்டை நடந்த இரண்டு மூன்று வசதிகளுக்கு எழுதினால் போதும். இதில் முதலில் கவனிக்க வேண்டியது, எஸ்எஸ்ஓ எதனிடம் தோற்றது என்று பெயர் சொல்லியிருப்பது. மூன்று வசதிகளில் ஒன்று விடுபட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், ஆனால் உழைப்புக் கணக்கைப் பார்த்தால் எஸ்எஸ்ஓவும் ரிப்போர்ட்டும் ஐந்து ஆள்-மாதத்தில் அடங்கியிருக்கும். ஆகவே உண்மையான தேர்வு மொத்தப் பதிவேற்றத்துக்கும் எஸ்எஸ்ஓவுக்கும் இடையில்தான் நடந்தது. நாளை மொத்தப் பதிவேற்றத்தின் உழைப்பு நான்கிலிருந்து ஏழாக வீங்கினால், எந்தத் தேர்வை மறுபடி திறக்க வேண்டும் என்பது இந்த வரியிலிருந்து தெரிந்துவிடும்.

அடுத்தது மறுபரிசீலனை நிபந்தனை. “அடுத்த காலாண்டில் பார்க்கலாம்” என்பது நிபந்தனை ஆகாது, ஏனென்றால் காலாண்டு பிறப்பதால் மட்டும் எந்தக் காரணமும் மாறிவிடுவதில்லை. நடந்ததா இல்லையா என்று வெளியிலிருந்து சொல்லக்கூடிய ஒரு நிகழ்வு வேண்டும், அது நடக்கும்போது முதலில் அறியக்கூடிய ஒருவரின் பொறுப்பும் வேண்டும். அத்துடன், இந்த நிபந்தனை எஸ்எஸ்ஓவின் பதிவில் மட்டும் இருந்தால் பயனில்லை. உள்நுழைவுப் பகுதி மாற்றத்துக்கான வேலைப் பதிவிலும் “எஸ்எஸ்ஓ ஒத்திவைப்பு இதை நம்பியிருக்கிறது” என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அந்தத் திட்டத்தைக் கைவிடப் போகிறவர் அதன் பதிவைத்தான் திறப்பாரே தவிர, ஆறு மாதத்துக்கு முந்தைய கூட்டக் குறிப்பைத் தேடிப் படிக்க மாட்டார்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அந்தக் கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் பதிவைக் கொடுத்து, “இந்தக் காரணம் இன்றும் செல்லுபடியாகிறதா என்பதை எங்கே போய்ப் பார்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். அவரால் ஓர் இடத்தையோ ஓர் ஆளையோ சுட்டிக்காட்ட முடியவில்லை என்றால் எழுதப்பட்டது காரணம் அல்ல.

மதிப்பெண்ணை மட்டும் எழுதி, அதன் உறுப்புகளை விட்டுவிடுவது

“எஸ்எஸ்ஓ 30” என்று மட்டும் எழுதினால், அந்த 30 குறைந்தது வாடிக்கையாளர் எண்ணிக்கையாலா, நம்பிக்கையின்மையாலா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. மேலே சொன்ன கணக்கில் உழைப்பு ஒன்றரையாக இறங்கினால் மதிப்பெண் 60 ஆகும்; அதோடு ஒப்பந்த நிபந்தனை கிடைத்து நம்பிக்கை 100 சதவீதமானால் 120 ஆகும். நான்கு எண்களும் பதிவில் இருந்தால் இதை ஒரு நிமிடத்தில் கணக்கிடலாம். மதிப்பெண்ணுக்கு எதிராகக் கூட்டம் முடிவெடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். முடிவுக்கு ஏற்றபடி எண்களைப் பின்னால் திருத்திவைக்கும் வழக்கத்தைப் பல குழுக்களில் கண்டிருக்கிறேன், அப்படிச் செய்தபின் அந்த அட்டவணையை அடுத்த கூட்டத்தில் எவரும் மதிப்பதில்லை.

ஒத்திவைப்பையும் நிராகரிப்பையும் ஒரே பட்டியலில் போடுவது

முகத்துக்கு நேரே “வேண்டாம்” என்று சொல்லத் தயங்கி, செய்யவே போவதில்லை என்று முடிவான வசதியையும் ஒத்திவைப்பில் சேர்த்துவிடுகிறார்கள். ஆதரவுப் பிரிவினர் அந்தப் பட்டியலைப் பார்த்து வாடிக்கையாளரிடம் “வந்துகொண்டிருக்கிறது” என்று சொல்லிவிடுவார்கள். எந்த நிகழ்வு நடந்தாலும் மறுபடி எடுக்க மாட்டோம் என்றால் அது நிராகரிப்பு; அதை அந்தப் பெயரிலேயே, காரணத்தோடு எழுதுங்கள்.

ஒத்திவைக்கப்பட்ட வசதிக்குக் கேட்டவரின் பெயரைச் சூட்டுவது

கூடாது, வசதி தோற்றால் ஆள் தோற்றதாகிவிடும்.

பழைய குறிப்பைத் திருத்துவது

காரணம் மாறினால் தேதியிட்டுக் கீழே புதிய பதிவு சேர்க்க வேண்டும், பழைய வரியில் கை வைக்கக் கூடாது.