பிரமை என்று எழுதப்பட்ட வயிற்றுவலி

மனச்சிதைவுக்குக் குளோசபின் எடுத்துவந்த ஒருவர், வயிற்றில் ஏதோ அடைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கேஸ் ஷீட்டில் ‘பிரமை’ என்று எழுதி மருந்தைக் கூட்டினார்கள், வலியும் கூடியது. அப்புறம் வாந்தி வந்தது, அதைப் பதற்றம் என்றார்கள். மலச்சிக்கலா என்று பார்த்தால், மலம் இளகிப் போவதாகப் பதிவு.

நோயின் பெயரை விட்டுவிட்டு, அறிகுறிகளையும் மருந்துகளையும் மட்டும் தனித்தாளில் எழுதிப் படித்தேன். உப்பிய வயிறு, வாந்தி, குடல் அசைவை மந்தமாக்கும் குளோசபின். யாருக்கு இருந்தாலும் முதலில் குடலைத்தான் பார்த்திருப்போம்! அந்த இளகிய மலம், இறுகிக் கிடந்ததைச் சுற்றிக் கசிந்த நீர். எக்ஸ்ரேயில் பெருங்குடல் முழுக்க மலம்.

முழு அடைப்பு இல்லை என்று அறுவை மருத்துவர் உறுதிசெய்தபின் மலமிளக்கி கொடுத்தோம், குளோசபின் அளவைக் குறைத்தோம். வலி போனது, பெரிய நிம்மதி.