ஆள் மாற்றத்தின் செலவு: எந்த எண்ணிக்கையில் பெருக்குவது?

ஒரு தொழிற்கூடத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் 190 பேர், முடிவில் 210 பேர் என்றால் சராசரி 200. விலகியவர்கள் 20, புதிதாகச் சேர்ந்தவர்கள் 40. அந்த 40 பேரில் 15 பேர்தான் காலியிடத்துக்கு வந்தவர்கள். மீதி 25 பேர் விரிவாக்கத்துக்காக எடுக்கப்பட்டவர்கள்.

மாற்றீட்டு முறையில் 15-ஐ 200-ஆல் வகுத்தால் தொழிலாளர் சுழற்சி, அதாவது ஆள் மாற்ற விகிதம், 7.5 சதவீதம். ஃப்ளக்ஸ் முறையில் விலகிய 20-ஐயும் மாற்றாக வந்த 15-ஐயும் கூட்டுவதால் 17.5 சதவீதம். சிலர் சேர்ந்த 40 பேரையும் கூட்டி 30 சதவீதம் என்பார்கள். அதனால் சூத்திரத்தைக் குறிப்பிடாமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடவே கூடாது.

செலவுக்கு வருவோம். ஆள்சேர்ப்புக்கும் பயிற்சிக்கும் மொத்தம் 4,00,000 ஆகியிருந்தால், சுழற்சியின் பங்கு 40-இல் 15, அதாவது 1,50,000 மட்டுமே. மீதி வளர்ச்சிச் செலவு. ஃப்ளக்ஸ் எண்ணிக்கையான 35-ஐத் தலைக்கான செலவால் பெருக்கினால், ஒரே காலியிடம் பெரும்பாலும் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும்.

உற்பத்தி இழப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். இடம் காலியாக இருந்த நேரத்துக்குக் கூலி கொடுக்கவில்லை. ஆகவே இழந்த விற்பனை வருவாயில் கூலியும் பிற மாறும் செலவுகளும் போக மிஞ்சும் பங்களிப்பு மட்டுமே நட்டம். பயிற்சி நேரத்திலோ கூலி போகிறது, உற்பத்தி இல்லை. அங்கே பங்களிப்போடு கூலியையும் சேர்க்க வேண்டும். ஆனால் அந்தக் கூலி பயிற்சிச் செலவில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்.

நிரப்பப்படாத 5 இடங்கள் மாற்றீட்டு விகிதத்தில் தெரியாது. அவற்றின் உற்பத்தி இழப்பைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள்.