வாடகைப் பணத்தை வாலட்டுக்குள் சிக்கவைக்காதீர்கள்

அம்பத்தூரில் செல்போன் கடை வைத்திருப்பதால், மாதத்தின் முதல் வாரம் என்றாலே எனக்கு ஒரே வழக்குதான். வேலைக்காகப் புதிதாகச் சென்னை வந்த பிள்ளைகள் செல்போனை நீட்டி, "அண்ணா, வாலட்டில் பணம் இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரருக்குப் போக மறுக்கிறது" என்பார்கள். ஓடிபியைப் பிறரிடம் சொல்லாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாததை மட்டும் எழுதுகிறேன்.

கேஒய்சி முடிக்காமல் கார்டிலிருந்து பணம் ஏற்றுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. சென்ற மாதம் வந்த தம்பிக்கு வாடகை 8,000 ரூபாய். சம்பளம் வர ஒரு வாரம் இருந்தது. கிரெடிட் கார்டிலிருந்து வாலட்டில் ஏற்றி, அங்கிருந்து வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பணம் ஏறியது. அனுப்பும்போதுதான் செயலி கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பைக் கேட்டது.

செல்போன் எண்ணும், பெயரும், ஓர் அடையாள ஆவணத்தின் எண்ணும் கொடுத்துத் தொடங்கும் வாலட் சிறிய வகை வாலட். ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, அதிலுள்ள பணத்தைக் கொண்டு பொருளோ சேவையோ வாங்கலாம், அவ்வளவுதான். வங்கிக் கணக்குக்கோ இன்னொரு வாலட்டுக்கோ அனுப்ப முடியாது, ரொக்கமாகவும் எடுக்க முடியாது. உள்ளே போகும் கதவு திறந்திருக்கும், வெளியே வரும் கதவு பூட்டியிருக்கும். உள்ளே விடும்போது செயலி எச்சரிப்பதும் இல்லை.

கட்டணத்தைப் பாருங்கள். அந்த வாலட் கார்டிலிருந்து ஏற்ற 3 சதவீதம் வாங்கியது. 8,000க்கு 240 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 43.20. ஆகக் கார்டில் விழுந்தது 8,283.20. கதை அதோடு முடியவில்லை. சில வங்கிகள் வாலட்டில் பணம் ஏற்றுவதற்குத் தாங்களும் தனியாகக் கட்டணம் போடுகின்றன. இவருடைய வங்கி 1 சதவீதம் போட்டது. ஜிஎஸ்டி சேர்த்து 97.74. இது செயலியில் தெரியாது, மாத ஸ்டேட்மென்ட்டில்தான் வரும். மொத்தம் 380.94 ரூபாய் போயிற்று. வாடகையோ இன்னும் போகவில்லை! கார்டுக்கு ரிவார்டு புள்ளி கிடைக்கும் என்று நம்பியிருந்தார். வாலட்டில் ஏற்றும் தொகைக்குப் பெரும்பாலான கார்டுகள் புள்ளி தருவதில்லை.

வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்டு, பிறகு சம்பளத்திலிருந்து கொடுத்தார். வாலட்டில் இருந்த பணத்தை மின்கட்டணம், ரீசார்ஜ், மளிகை என்று செலவழித்து வருகிறார்.

பணம் ஏற்றுமுன் செயலியின் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து, கேஒய்சி முழுமையாக முடிந்ததா என்று பாருங்கள். ஆதார் ஓடிபியை மட்டும் கொடுத்துவிட்டு முடிந்ததென்று நினைப்பவர்கள் பலர். பெரும்பாலும் வீடியோ அழைப்பு, அல்லது முகவர் நேரில் வந்து பார்ப்பது என்ற படி மிச்சம் இருக்கும். வீடியோ அழைப்பின்போது அசல் பான் அட்டை கையில் இருக்கட்டும், இருப்பிட அனுமதியும் இயக்கத்தில் இருக்கட்டும். முழு கேஒய்சி முடித்த பிறகும், கார்டிலிருந்து ஏற்றிய பணத்தை வங்கிக்கு அனுப்ப வாலட் அனுமதிக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். அனுப்ப ஒரு கட்டணமும் சேர்ந்தால் இந்த வழியே வீண்.

செலவழித்தால் வரம்பு திரும்ப வரும் என்று நினைப்பது

வராது. சிறிய வாலட்டில் ஒரு மாதத்தில் ஏற்றக்கூடிய மொத்தத் தொகை 10,000 ரூபாய். 8,000 ஏற்றி அத்தனையும் செலவழித்திருந்தாலும், அந்த மாதம் இன்னும் 2,000தான் ஏற்ற முடியும். நிதியாண்டு முழுவதற்கும் 1,20,000. எந்த நேரத்திலும் இருப்பு 10,000ஐத் தாண்டக் கூடாது. முழு கேஒய்சி முடித்த வாலட்டில் இருப்பு 2,00,000 வரை இருக்கலாம்.

கட்டண வரியைப் படிக்காமல் பொத்தானை அழுத்துவது

படியுங்கள்.

வாலட்டை மூடினால் எல்லாம் திரும்பிவிடும் என்று நம்புவது

சிறிய வாலட்டை எப்போது வேண்டுமானாலும் மூடலாம். இருப்பு எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே திரும்பும். கார்டிலிருந்து வந்தது கார்டுக்கே போகும். வங்கிக் கணக்கில் வேண்டுமென்றால் அதற்கும் கேஒய்சி முடிக்க வேண்டும். திரும்புவது மீதமிருக்கும் இருப்பு மட்டுமே. ஏற்றியபோது கொடுத்த கட்டணம் அந்த இருப்பில் சேர்ந்ததல்ல. அந்தத் தம்பி வாலட்டை அன்றே மூடியிருந்தாலும் அவர் கார்டுக்குத் திரும்பியிருக்கக்கூடியது 8,000தான்.