லெட்டர் வாங்கிக்கொண்டு சரக்கை விடும்போது செய்யக்கூடாத தவறுகள்

"பாய், பணம் இன்றைக்குக் கைவசம் இல்லை. தேதி போட்டு லெட்டர் கொடுத்துவிடுகிறேன், சரக்கை மட்டும் இன்றைக்கே ஏற்றிவிடுங்கள்."

வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். ஆம்பூரில் ஷூ தைக்கும் நிறுவனத்துக்கு லெதர் உடனே வேண்டும். வெட்டி, தைத்து, சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் மூடுவதற்குள் அனுப்ப வேண்டும். ஒப்பந்தமோ பணம் கொடுத்தால்தான் சரக்கு என்பது. அந்த இடைவெளியை அடைக்க ஒரு உறுதிமொழிக் கடிதம் வருகிறது. அதைப் படித்துப் பார்த்து வாங்குகிறவர்களை என் இருபது வருட வேலையில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். வங்கிகள் முன்பு இறக்குமதிக் கடனுக்காக இதே பெயரில் கடிதம் கொடுத்துவந்தன. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதை நிறுத்திவிட்டது. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு வங்கி நின்றது. இப்போது உங்கள் மேசைக்கு வருவது வாங்குபவர் தன் கையால் தரும் வாக்கு. ஏற்கெனவே பணம் தரவேண்டியவர்தான் "தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்கிறார், புதிதாக யாரும் பொறுப்பேற்கவில்லை. ஆகவே கடிதத்தின் பலம் முழுக்க அதில் எழுதியிருக்கும் சொற்களில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 10,000 சதுர அடி மாட்டுத்தோல் அப்பர் லெதர், அடிக்கு 110 ரூபாய். வரி சேர்க்காமல் 11 லட்சம். 2025 செப்டம்பர் 30 அன்று பாதி, அதாவது 5,000 அடி ஆம்பூருக்குப் போகிறது. மீதி ஷாப்பிலேயே இருக்கிறது. வந்த கடிதம் இப்படி:

"தங்களிடமிருந்து பெறும் லெதருக்கான தொகை ரூபாய் 11 லட்சத்தை எங்கள் ஏற்றுமதிப் பணம் வந்தவுடன், சுமார் 60 நாட்களுக்குள் தங்களுக்குச் செலுத்திவிடுகிறோம்."

கீழே பர்சேஸ் மேனேஜர் கையெழுத்து, மேலே நிறுவனத்தின் முத்திரை. பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது.

முதல் தவறு தேதியில். "சுமார் 60 நாள்" என்றால் எந்த நாளிலிருந்து? பில் போட்ட நாளா, லாரி சேர்ந்த நாளா, கடிதம் எழுதிய நாளா? அதைவிடப் பெரிய பள்ளம் "ஏற்றுமதிப் பணம் வந்தவுடன்" என்பது. அவரிடம் ஷூ வாங்கும் ஜெர்மனிக்காரர் பணம் அனுப்பாவிட்டால் இவரும் தரவேண்டியதில்லை என்று வாதாட அந்த மூன்று சொற்கள் போதும். உங்களுக்கும் ஜெர்மனிக்காரருக்கும் ஒரு ஒப்பந்தமும் இல்லை, ஆனால் அவருடைய தாமதம் உங்கள் தலையில் ஏறிவிடுகிறது. கடிதத்தில் காலண்டரில் காட்டக்கூடிய ஒரே ஒரு நாள் இருக்க வேண்டும். "நவம்பர் கடைசிக்குள்" என்று எழுதினாலும் சிக்கல்தான். 2025 நவம்பர் 30 ஞாயிறு, முந்தின நாளா அடுத்த நாளா என்று இன்னொரு பேச்சு முளைக்கும். வங்கி திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போடுங்கள்.

தேதி எவ்வளவு தள்ளிப் போகலாம் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. விற்பவர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி இருவரும் எழுத்தில் சம்மதித்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை போக முடியாது. மேலே போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. வாங்கி விற்கும் வியாபாரியாக மட்டும் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, தோல் பதனிடுகிறவருக்குக் கிடைக்கும். செப்டம்பர் 30 அன்று ஏற்றுக்கொண்ட சரக்குக்கு 45ஆவது நாள் நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. அந்தத் தேதியைக் கேளுங்கள். "60 நாள் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்களே" என்ற பேச்சுக்கே இடம் வராது.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் அதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. பாதிச் சரக்கை விட்டுவிட்டு முழுச் சரக்குக்கும் கடிதம் வாங்குவது. பணம் வராத சரக்கைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையை 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் விற்பவருக்குக் கொடுக்கிறது. ஆனால் கடன் தவணை கொடுத்துவிட்டால், வாங்குபவர் நொடித்துப் போனாலொழிய, அந்தத் தவணை முடியும்வரை அந்த உரிமை ஓய்வெடுத்துக்கொள்கிறது. 11 லட்சத்துக்கும் 60 நாள் தவணை என்று கடிதம் சொல்கிறது. அடுத்த வாரம் லாரி மீதி 5,000 அடிக்கு வந்து நிற்கும். "முதல் பில்லுக்குப் பணம் வரட்டும்" என்று நீங்கள் சொன்னால், "அதற்குத்தான் தவணை கொடுத்துவிட்டீர்களே, சரக்கைக் கொடுங்கள்" என்பது அவருடைய நியாயமான பதில். கையில் இருந்த பாதி லெதர்தான் உங்கள் உண்மையான ஈடு. அதைக் கடிதமே பறித்துக்கொண்டது. ஆகவே வெளியே போகும் பில்லுக்கு மட்டும் கடிதம் வாங்குங்கள். மீதி 5,000 அடி பழைய நிபந்தனைப்படி, பணம் கொடுத்தால் மட்டுமே போகும் என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது சற்று நுட்பமானது. கடிதத்தைச் சுருக்கமாக, கறாராக எழுதவேண்டும் என்று நினைத்துச் சிலர், "இன்னாருக்கு ரூபாய் 5,50,000த்தை 14-11-2025 அன்று எந்த நிபந்தனையும் இன்றிச் செலுத்துவதாக உறுதியளிக்கிறேன்" என்று ஒரே வரியில் எழுதி வாங்குகிறார்கள். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அது கடிதம் என்ற வேஷத்தில் இருக்கும் புரோநோட்டு என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்வார். சாதாரண ஆவணத்தில் முத்திரைத் தீர்வை குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கு அந்த வழி கிடையாது, சரியான முத்திரை இல்லாவிட்டால் சாட்சியமாக ஏற்கவே மாட்டார்கள். வழக்கமான ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேனே என்றாலும் போதாது, அது கேட்டவுடன் தரவேண்டிய நோட்டுக்கு. குறிப்பிட்ட நாளில் தரவேண்டியதற்குத் தீர்வைக் கணக்கு வேறு.

இதற்கு வழி, கடிதத்தை விற்பனை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவே எழுதுவது. எந்த ஆர்டர், எந்த பில், எத்தனை அடி, எந்த நிபந்தனை மாறுகிறது, எது மாறவில்லை என்று விவரமாக இருந்தால் அது வெறும் பண வாக்குறுதியாக நிற்காது. எத்தனை ரூபாய் முத்திரைத் தாள் என்பதை உள்ளூர் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு பில், இ-வே பில், ஆம்பூர் கேட்டில் சரக்கு இறக்கிக் கையெழுத்துப் போட்ட டெலிவரி சலான் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கடிதம் கைகொடுக்காவிட்டாலும் விற்ற சரக்குக்கான விலை என்று தனியாக வழக்குப் போட அவை உதவும்.

கையெழுத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பர்சேஸ் மேனேஜர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் நிறுவனத்தைக் கடனில் கட்டிப்போட அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று நாளை கேள்வி வரும். கூட்டு நிறுவனமென்றால் பங்குதாரர் ஒருவர் நிறுவனத்தின் பெயரால் கையெழுத்திட வேண்டும். கம்பெனி என்றால் இயக்குநர். கம்பெனியின் கடனுக்கு இயக்குநரின் வீடு பொறுப்பாகாது. தனிப் பொறுப்பு வேண்டுமானால் தனி உத்தரவாதம் வாங்க வேண்டும். உங்கள் பக்கமும் பாருங்கள். பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம் இந்தப் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது.

அடுத்தது தரம். பணம் தரவேண்டிய வாரத்தில்தான் லெதரில் ஷேடு வித்தியாசம் கண்ணில் படும், அடி குறைவது நினைவுக்கு வரும். அதற்குள் பாதித் தோல் கட்டிங் முடிந்து ஷூவாகியிருக்கும். கடிதத்தில் அளவைப் பார்த்து ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி இருக்கட்டும். ஒவ்வொரு தோலின் பின்பக்கமும் அளவு எழுதப்பட்டிருப்பதால் இது கடினமில்லை. குறை இருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில், வெட்டாத தோலுக்கு மட்டும் என்றும் சேர்க்கலாம். மேலே சொன்ன 2006 சட்டமும், 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதுகிறது.

இப்போது அதே கடிதத்தைத் திருத்தி எழுதிப் பார்க்கலாம்:

"தங்களுக்கு நாங்கள் கொடுத்த 10,000 சதுர அடி அப்பர் லெதர் ஆர்டரில், 30-9-2025 தேதியிட்ட பில் எண் … இன்படி 5,000 சதுர அடியை அளவும் தரமும் பார்த்துப் பெற்றுக்கொண்டோம். இந்தப் பில்லுக்கு மட்டும் உடனடிப் பணம் என்ற நிபந்தனையைத் தாங்கள் தளர்த்தியதை முன்னிட்டு, வரி நீங்கலாக ரூ. 5,50,000ஐயும் அதற்குரிய ஜிஎஸ்டியையும் 14-11-2025 அன்று தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துவோம். எங்கள் வாடிக்கையாளரிடமிருந்து பணம் வருவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மீதி 5,000 சதுர அடி, பணம் செலுத்திய பிறகே எங்களுக்கு வழங்கப்படும். குறைகள் இருப்பின் 7 நாட்களுக்குள் எழுத்தில், வெட்டப்படாத தோலுக்கு மட்டும் தெரிவிப்போம். 14-11-2025 தேதியிட்ட செக் எண் … இத்துடன் கொடுத்துள்ளோம்."

செக்கைப் பற்றிக் கடைசி வரியில் சொல்லியிருப்பது காரணமாகத்தான். தேதி போடாத வெற்றுச் செக்கை "செக்யூரிட்டிக்கு" என்று வாங்கி லாக்கரில் வைப்பதைவிட, கடிதத்தில் இருக்கும் அதே தேதியும் தொகையும் போட்ட செக் எவ்வளவோ மேல். திரும்பினால், வங்கி தகவல் கொடுத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். இந்த நாட்களைத் தவறவிட்டு அலைந்தவர்கள் அதிகம். செக்கும் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். வாங்குபவருக்கும் ஒன்று: பணம் கட்டிய அன்றே கடிதத்தையும் பயன்படுத்தாத செக்கையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

நவம்பர் 12 அன்று போன் வரும். "இன்னும் இருபது நாள் பொறுங்கள்." பொறுப்பதா இல்லையா என்பது உறவைப் பொறுத்தது. பொறுத்தால், பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு, புதுத் தேதி போட்டு, கையெழுத்திட்ட காகிதம் கேளுங்கள். பழைய செக்கைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் புதுச் செக் கையில் இருக்க வேண்டும். வழக்குப் போட 3 ஆண்டுக் கெடு தவணை முடிந்த நாளிலிருந்து ஓடுகிறது. அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கெடு புதிதாகத் தொடங்கும். போனில் சொன்ன ஒப்புதலுக்கு அந்தப் பலன் இல்லை.